எல்லா வரியும் ‘உள்ளது’ என்றே முடிகிறதே!

கேள்வி: எங்கள் பள்ளியின் நூற்றாண்டு மலருக்காக மேட்டூர் அணையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். படித்துப் பார்த்த நண்பர், “அரசாங்கக் குறிப்பு மாதிரி இருக்கிறது சார், எல்லாமே உள்ளது, உள்ளது” என்று சொல்லிவிட்டார். சில இடங்களில் ‘கிறது’ என்பதைக் ‘கின்றது’ என்றும், ‘உள்ளது’ என்பதை ‘ஆகும்’ என்றும் மாற்றினேன். இன்னும் மோசமாகிவிட்டது. ஒரு பத்தியை இணைத்திருக்கிறேன். பேச்சுத் தமிழுக்குப் போகாமல் இதை எப்படிச் சரிசெய்வது?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், சேலம் மாவட்டம்

பதில்: ஐயா, நீங்கள் அனுப்பிய பத்தியை வாசகர்களும் பார்க்கட்டும்.

“மேட்டூர் அணை சேலம் மாவட்டத்தில் அமைந்துள்ளது. இது காவிரி ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டுள்ளது. இதன் நீர்த்தேக்கம் ஸ்டான்லி நீர்த்தேக்கம் என அழைக்கப்படுகிறது. இதன் முழு நீர்மட்டம் 120 அடியாக உள்ளது. ஆண்டுதோறும் ஜூன் 12ஆம் தேதி குறுவைப் பாசனத்துக்காக அணை திறக்கப்படுவது வழக்கமாக உள்ளது. மழை குறைந்த ஆண்டுகளில் இத்தேதி தள்ளிப்போகிறது. இதனால் விவசாயிகள் பாதிக்கப்படுகின்றனர்.”

ஒரு தாளில் ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் கீழ்க்கீழே எழுதிப் பாருங்கள். ஏழில் நான்கு ‘உள்ளது’. ஆறு ‘து’வில் முடிகின்றன. தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வந்து நிற்பதால், ஒரே முடிவு திரும்பத் திரும்ப வந்தால் காது உடனே பிடித்துக்கொள்ளும். ‘கிறது’ ‘கின்றது’ ஆனதில் பயன் இல்லாமல் போனதற்குக் காரணமும் இதுதான். சட்டையின் பொத்தானை மாற்றினீர்கள், சட்டை அதேதான்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்த முற்றுகளில் எவை வேலை செய்கின்றன என்பது. ‘120 அடியாக உள்ளது’ என்பதில் ‘ஆக உள்ளது’ எதுவும் சொல்லவில்லை. “முழு நீர்மட்டம் 120 அடி” என்பதே முழு வாக்கியம். நீங்கள் வகுப்பில் நடத்தியிருப்பீர்கள்: பயனிலை வினையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, பெயரும் பயனிலையாகும். இலக்கணத் தேர்வில் நன்றாக எழுதுகிற நாம், கட்டுரை எழுத உட்கார்ந்ததும் அதை மறந்து ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஓர் ‘ஆகும்’ ஒட்டுகிறோம். ‘வழக்கமாக உள்ளது’ என்பதும் ‘வழக்கம்’ என்று நின்றால் போதும்.

அடுத்து, முதல் இரண்டு வாக்கியங்கள். ‘அமைந்துள்ளது’, ‘கட்டப்பட்டுள்ளது’ இரண்டும் ஒரே செய்தியின் இரண்டு பாதிகள். சேர்த்துவிட்டால் ஒரு முற்று தானாகவே குறைகிறது. இப்படிச் சேர்க்கும்போது ஒரு பள்ளம் உண்டு. ‘செய்து’ என்ற எச்சத்தை எடுத்தால், எச்சத்துக்கும் முற்றுக்கும் எழுவாய் பெரும்பாலும் ஒன்றாக இருக்க வேண்டும். “அணையைத் திறந்து விவசாயிகள் நாற்று விட்டார்கள்” என்று எழுதினால் மதகைத் திறந்தவர்களும் விவசாயிகளே என்றாகிவிடும். எழுவாய் மாறும் இடத்தில் “அணை திறந்ததும் விவசாயிகள் நாற்று விட்டார்கள்” என்று எழுதுங்கள். “மழை பெய்து குளம் நிறைந்தது” என்கிறோமே என்று கேட்பீர்கள். அங்கே மழைதான் காரணம், குளம் நிறைந்தது அதன் விளைவு. அந்த உறவு தெளிவாக இருப்பதால் மொழி இடம் கொடுக்கிறது. எல்லா இடத்திலும் கொடுக்காது.

ஆறாவது வாக்கியத்தில் ‘தள்ளிப்போகிறது’ என்ற நிகழ்காலம் ஒரு வழக்கத்தைச் சொல்ல வந்திருக்கிறது. வழக்கத்துக்குத் தமிழில் வேறு முற்றே இருக்கிறது: “தள்ளிப்போகும்.” நாம் எதிர்காலம் என்று மட்டுமே நினைத்துக்கொண்டிருக்கும் இந்தச் ‘செய்யும்’ வடிவம், ஆண்டுதோறும் நடப்பதைச் சொல்ல மிகவும் பொருத்தம். ஆனால் வரம்பு உண்டு: தன்மைக்கும் முன்னிலைக்கும் பலர்பாலுக்கும் இது வராது. “விவசாயிகள் நடும்” என்று எழுத முடியாது, “நடுவார்கள்” என்றுதான் எழுத வேண்டும்.

கடைசி வாக்கியம்தான் எனக்கு முக்கியம். “விவசாயிகள் பாதிக்கப்படுகின்றனர்.” எப்படி? உங்களுக்கு அது தெரியும், நீங்கள் காவிரிக்காரர். ஆனால் வாக்கியத்தில் அது இல்லை. ‘பாதிக்கப்படு’, ‘மேற்கொள்ளப்படு’, ‘நடைபெறு’ போன்ற வினைகள் யாருக்கும் எதற்கும் பொருந்தும். அதனால்தான் அவற்றை நம்பி எழுதும்போது முடிவுகள் ஒன்றுபோலவே ஆகிவிடுகின்றன. நடந்தது என்ன என்று கேட்டுக்கொண்டால் சரியான வினை கிடைத்துவிடும். தண்ணீர் தாமதமானால் போர்வெல் உள்ளவர் குறுவை நடுவார். இல்லாதவர் அதை விட்டுவிட்டுச் சம்பாவுக்குக் காத்திருப்பார். இதை எழுதினால் முடிவை மாற்ற வேண்டுமே என்று கவலைப்படும் வேலையே இல்லை.

இனி பத்தியை நான் எழுதினால் இப்படி வரும்:

“சேலம் மாவட்டத்தில் காவிரியின் குறுக்கே நிற்கிறது மேட்டூர் அணை. 1925இல் தொடங்கிய வேலை 1934இல் முடிந்தது. அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஸ்டான்லியின் பெயர்தான் நீர்த்தேக்கத்துக்கு. முழு நீர்மட்டம் 120 அடி. குறுவைக்காக ஜூன் 12இல் அணையைத் திறப்பது வழக்கம். மழை குறைந்தால் அந்தத் தேதி தள்ளிப்போகும். 2024இல் ஜூலை 28ஆம் தேதிதான் திறந்தார்கள். அப்படிப்பட்ட ஆண்டுகளில் போர்வெல் உள்ளவர்கள் குறுவை நடுவார்கள். மற்றவர்களுக்குச் சம்பா மட்டும்தான்.”

பேச்சுத் தமிழ் ஒரு சொல்லும் இல்லை. முதல் வாக்கியத்தில் எழுவாயைக் கடைசிக்குக் கொண்டுபோயிருக்கிறேன், கவனித்தீர்களா? தொடக்கத்தில் ஒருமுறை என்பதால் அழகாக இருக்கிறது. இதையே பத்திக்கு மூன்று முறை செய்தால் பட்டிமன்றத்துக்கு மேடை கட்டியது போலாகிவிடும். “என்றால் மிகையாகாது”, “எனலாம்”, “அல்லவா?” ஆகியவற்றையும் மாற்று முடிவுகளாக நினைத்து எடுத்துவிடாதீர்கள். சலிப்பை நீக்க வந்து தாமே சலிப்பாகும் முடிவுகள் அவை. தொடர்ந்து இரண்டு வாக்கியங்கள் ‘கிறது’ என்று முடிந்தால் அதையும் பிழையென்று துரத்த வேண்டாம். மூன்றாவதில் நின்று பாருங்கள்.

ஒன்றுபோல் முடிவதே சரியான இடங்களும் மலரில் இருக்கும். பள்ளியின் விதிகள், ஆண்டறிக்கையின் தீர்மானங்கள் போன்றவற்றில் ‘வேண்டும்’, ‘தீர்மானிக்கப்பட்டது’ ஒவ்வொரு வரியிலும் வரட்டும். அங்கே வாசகர் தேடுவது நடையை அல்ல, ஒழுங்கை. அந்தப் பக்கங்களில் கைவைக்காதீர்கள். தலைமையாசிரியர் வாழ்த்துரையை மட்டும் அச்சுக்குப் போகும் முன் ஒருமுறை உரக்கப் படித்துவிடுங்கள்.