25 வருட வாரண்டியும் ஒரு வருட சர்வீஸும்: மாடி சோலார் ஒப்பந்தத்தைச் சுருக்கிப் படிக்க

மொட்டைமாடியில் 3 கிலோவாட் சோலார் போட முடிவுசெய்த ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கையில் இரண்டு கொட்டேஷன். முதலாமவர் 1,80,000 ரூபாய் கேட்கிறார், இரண்டாமவர் 2,05,000. பிரதமரின் சூர்யகர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்குக் கிடைக்கும் 78,000 ரூபாய் மானியம் யாரிடம் வாங்கினாலும் ஒன்றுதான். பேனலும் ஒரே கம்பெனி. இருவருமே முதல் பக்கத்தில் '25 வருட வாரண்டி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அப்படியானால் அந்த 25,000 ரூபாய் எதற்கு?

விடை பின்பக்கங்களில் இருக்கிறது. ஒப்பந்தத்தை வரிக்கு வரி படிக்கச் சிரமமாக இருந்தால் ஒரு தாளை எடுத்து வாரண்டி, மீட்டர், பராமரிப்பு என்று மூன்று தலைப்பு எழுதுங்கள். ஒவ்வொன்றின் கீழும், பொறுப்பு யாருடையது, எத்தனை வருடத்துக்கு, செலவு யார் தலையில் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். விடை கிடைக்காத இடத்தைக் காலியாக விடுங்கள். பிறகு பேரம் பேசவேண்டியது அந்தக் காலி இடங்களைப் பற்றித்தான்.

முதலில் அந்த 25 வருடம். பேனலுக்கு இரண்டு வாரண்டி உண்டு. கண்ணாடி, சட்டம், உள்ளே இருக்கும் செல் ஆகியவற்றில் தயாரிப்புக் குறை இருந்தால் மாற்றித் தருவது ஒன்று. இது பெரும்பாலும் 10 அல்லது 12 வருடம். மற்றது மின் உற்பத்தி பற்றியது. பத்தாம் வருடத்தில் 90 சதவீதத்துக்கும், 25-ஆம் வருடத்தில் 80 சதவீதத்துக்கும் கீழே திறன் போகாது என்பார்கள். 25 என்ற எண் இந்த இரண்டாவதற்கு உரியது. இதைக் கேட்டு வாங்குவது வீட்டுக்காரருக்கு எளிதல்ல. பேனலின் திறன் 25 டிகிரி வெப்பநிலையில் ஆய்வகத்தில் அளக்கப்படுவது. நம் மாடியில் சித்திரை வெயிலில் பேனல் 60 டிகிரியைத் தாண்டும். சூடு ஏற ஏற உற்பத்தி குறையும். தூசியும் மேகமும் வேறு. இவற்றையெல்லாம் கழித்து, பேனல்தான் தேய்ந்தது என்று நிரூபிக்க அதைக் கழற்றி ஆய்வகத்துக்கு அனுப்பவேண்டும். கழற்றும் கூலியும் வண்டி வாடகையும் யாருடையது என்பதை நம் இரண்டு ஒப்பந்தங்களுமே சொல்லவில்லை. ஆகவே கொட்டேஷன்களை ஒப்பிடும்போது 25-க்குப் பெரிய மதிப்பெண் போடவேண்டாம்.

மதிப்பெண் போடவேண்டியது இன்வெர்ட்டருக்கு. முதலில் பழுதாவது பெரும்பாலும் அதுதான். முதலாமவர் இதற்கு 5 வருடம் தருகிறார், இரண்டாமவர் 10. இந்த அளவு இன்வெர்ட்டரை மாற்ற இன்று 30,000 ரூபாய் வரை ஆகலாம் என்று வைத்தால், விலை வித்தியாசம் இந்த ஒரு வரியிலேயே ஏறக்குறைய அடைபட்டுவிடுகிறது. ஆனால் விதிவிலக்குகளையும் பாருங்கள். இடி, மின்னழுத்த ஏற்ற இறக்கம் ஆகியவற்றால் வரும் பழுது பெரும்பாலும் வாரண்டியில் சேராது. அதனால்தான் இடிதாங்கியும், தனித்தனி எர்த் குழிகளும், சர்ஜ் பாதுகாப்பும் கொட்டேஷனில் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கவேண்டும். 'மற்றும் இதர பொருட்கள்' என்று முடித்திருந்தால் விரித்து எழுதச் சொல்லுங்கள். பேனல், இன்வெர்ட்டர் சீரியல் எண்கள் பில்லில் ஏறட்டும். போட்டுத் தந்தவர் நாளை கடையை மூடினாலும் கம்பெனியிடம் நேரே போக அந்த எண்கள் வேண்டும்.

அடுத்தது மீட்டர். விற்பனையாளர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், யூனிட்டுக்கு வரவு வைப்பது மின்வாரியம், அவர் அல்ல. வீட்டு இணைப்புக்குத் தமிழ்நாட்டில் நெட் மீட்டரிங் உண்டு. அது பில்லில் என்ன செய்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

3 கிலோவாட் அமைப்பு நல்ல வெயிலுள்ள ஊரில் நாளுக்கு ஏறத்தாழ 12 யூனிட், இரண்டு மாதத்தில் 720 யூனிட் தரும். நம் வீட்டின் இருமாதச் செலவு 900 யூனிட் என்று கொள்வோம். பகலில் ஆள் குறைவு. சோலாரிலிருந்து நேராகச் செலவானது 300 யூனிட். மீதி 420 வெளியே போகிறது. இரவுக்கும் காலைக்கும் வாரியத்திடம் எடுத்தது 600. இருவழி மீட்டர் காட்டுவது இந்த 600-ம் 420-ம்தான். இன்வெர்ட்டர் செயலியில் தெரியும் 720 மீட்டரில் எங்கும் வராது. 'எழுநூறு யூனிட் கொடுத்தேன், நானூறுக்குத்தான் வரவு வந்தது' என்ற புகாரில் பாதி இந்தக் குழப்பம்தான்.

நெட் மீட்டரிங்கில் 600-லிருந்து 420 கழிந்து 180 யூனிட்டுக்குப் பில் வரும். அதில் முதல் 100 இலவசம். 500-ஐத் தாண்டினால் வரும் உயர்ந்த கட்டண அட்டவணையிலிருந்து வீடு முழுதாக வெளியே வந்துவிடுகிறது. இதுவே நெட் பில்லிங்காக இருந்தால் 600-க்கும் முழுக் கட்டணம் போட்டு, 420-க்குக் குறைந்த கொள்முதல் விலையைக் கழிப்பார்கள். அதே பேனல், அதே வெயில், ஆனால் 500-ஐத் தாண்டிய பில். எனவே விண்ணப்பத்திலும் வாரியத்துடன் போடும் உடன்படிக்கையிலும் எந்த முறை என்று எழுதியிருக்கிறது, ஆண்டு முடிவில் மிஞ்சிய யூனிட் என்ன ஆகும் என்ற இரண்டையும் உங்கள் தாளில் அப்படியே எடுத்தெழுதுங்கள். விற்பனையாளரின் 'பில்லே வராது' என்ற வாக்கு இதற்கு ஈடாகாது.

விற்பனையாளர் செய்யவேண்டியது விண்ணப்பம், ஆய்வுக்கு ஏற்பாடு, மீட்டர் பொருத்தும்வரை கூடவே அலைவது. இரண்டாமவர் கடைசி 10 சதவீதத்தை நெட் மீட்டர் வந்தபின் கொடுத்தால் போதும் என்கிறார். முதலாமவர் பேனல் மாட்டியதுமே முழுப் பணமும் கேட்கிறார். இது பெரிய வித்தியாசம். மீட்டர் மாறுவதற்கு முன் 'ஓடட்டும் சார்' என்று சுவிட்சைப் போடவும் விடாதீர்கள். பழைய மின்னணு மீட்டர்கள் பல, வெளியே போகும் யூனிட்டையும் நீங்கள் எடுத்ததாகவே கூட்டிவிடும்.

பராமரிப்பில்தான் முதலாமவர் மாட்டிக்கொள்கிறார். 'ஒரு வருட இலவச சர்வீஸ், பிறகு ஆண்டுக்கு 4,000 ரூபாய்' என்பது அவர் வரி. சூர்யகர் திட்டத்தில் மானியத்தோடு போடும் அமைப்புக்கு 5 வருடப் பராமரிப்பு விற்பனையாளரின் கடமை. அவர் தனியாகக் கேட்கும் நான்கு வருட 16,000 ரூபாயையும் சேர்த்தால் விலை 1,96,000 ஆகிறது. அந்த வரியை அடித்து 5 வருடம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கவேண்டும்.

அதற்காகப் பராமரிப்பு என்றாலே எல்லாம் அவர் செய்வார் என்று நினைத்துவிடக்கூடாது. பேனலைக் கழுவுவது பெரும்பாலும் வீட்டுக்காரர் வேலையாகவே இருக்கும். உப்புத்தண்ணீர் போர்வெல் என்றால் கழுவியபின் துடைக்கவேண்டும், இல்லாவிட்டால் வெள்ளைப் படிவம் ஒட்டிக்கொள்ளும். வெயில் ஏறுமுன் கழுவுங்கள், சூடான கண்ணாடியில் குளிர்ந்த நீர் கூடாது. பக்கத்துத் தென்னை வளர்ந்து நிழல் விழுந்தால் அதுவும் உங்கள் பொறுப்பே. அவர் பக்கம் எழுதப்படவேண்டியது, புகார் சொன்னால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வரும், ஆண்டுக்கு ஒருமுறை எர்த் அளந்து இணைப்புகளை முறுக்கிப் பார்ப்பது, ஸ்டாண்டுக்காகத் துளையிட்ட இடத்தில் தளம் ஒழுகினால் யார் பூசுவது ஆகியவை. கடைசியானது இரு ஒப்பந்தத்திலும் இல்லை.

என் தீர்ப்பு இரண்டாமவருக்கே. முதலாமவர் 5 வருடப் பராமரிப்பையும் மீட்டர் வந்தபின் கடைசித் தவணையையும் எழுதிக் கொடுத்து, இன்வெர்ட்டருக்குக் கம்பெனியின் நீட்டித்த வாரண்டியை 15,000 ரூபாய்க்குள் வாங்கித் தந்தால் அவரிடமே போடலாம். வாயால் சொன்னால் போதாது, கொட்டேஷனிலேயே ஏற்றச் சொல்லுங்கள்.