விற்பனை வளர்ந்தால் கடன் எவ்வளவு?

அபர்தீன் கடைவீதியில் ஒரு மளிகைக்கடை. ஆண்டு விற்பனை 40 இலட்சம் ரூபாய். அடுத்த ஆண்டு 50 இலட்சம் எனக் கொள்வோம். சரக்கும் வரவேண்டிய பாக்கியும் விற்பனையில் 30 விழுக்காடாயின், கூடுதலாக 3 இலட்சம் முடங்கும். சென்னை மொத்த வியாபாரிகள் தரும் தவணை 10 விழுக்காடு. அது தானே 1 இலட்சம் உயரும். இலாபம் 4 விழுக்காடு. இதனை 50 இலட்சம் முழுவதற்கும் கணக்கிட வேண்டும். கிடைக்கும் 2 இலட்சத்தில் வீட்டுச்செலவு பாதி போக, மிச்சம் 1 இலட்சம். ஆகவே வெளியிலிருந்து திரட்ட வேண்டியது 1 இலட்சமே.

விழுக்காடு மாறாது என்னும் நம்பிக்கையில் நிற்கிறது இக்கணக்கு. தீவிலோ சரக்கு கப்பலில் வர வேண்டும். கப்பல் தாமதித்துக் கையிருப்பு பெருகி, 30 என்பது 36 ஆகிவிட்டால், பழைய விற்பனைக்குரிய சரக்கும் சேர்ந்து வளரும். தேவை 4 இலட்சமாகும்! பழைய பேரேடுகளில் இவ்விழுக்காடு ஆண்டுதோறும் ஏறியிருந்தால், 1 இலட்சத்தை நம்பலாகாது.