ஐந்து மணி நேரம் காத்திருந்தவருக்கு எந்தப் பதில்?

கோடியக்கரையிலிருந்து வேதாரண்யத்துத் தனியார் மருத்துவமனைக்கு வரும் ஓர் உப்பளத் தொழிலாளியை வைத்துப் பார்ப்போம். காலை 8 மணிக்கு டோக்கன் வாங்கியவர் மருத்துவரைப் பார்த்தது பிற்பகல் 1 மணிக்கு. ஒரு நாள் கூலி போயிற்று, புகார் எழுதிவிட்டார். பதில் எழுதும் நிர்வாகிக்கு மூன்று வழிகள் உண்டு. "அசௌகரியம் ஏதேனும் ஏற்பட்டிருப்பின் வருந்துகிறோம்" என்பது ஒன்று. "மருத்துவரின் கவனக்குறைவே காரணம், மன்னியுங்கள்" என்பது இன்னொன்று. மூன்றாவது இப்படிப் போகும்: "நீங்கள் 8 மணி முதல் 1 மணி வரை காத்திருக்க நேர்ந்ததற்கு மன்னிப்புக் கேட்கிறோம். மருத்துவர் அவசர அறுவைச் சிகிச்சையில் இருந்தார். தாமதமாகும் என்று உங்களிடம் யாரும் சொல்லவில்லை, அதற்கும் வருந்துகிறோம்." மூன்றாவதே சரி என்பது என் முடிவு.

மன்னிப்பு என்ற சொல்லே ஆபத்து என்று வக்கீல்கள் எச்சரிப்பார்கள். அந்தப் பயம் வெறும் பயமல்ல. மன்னிப்புக் கேட்பது மட்டுமே கவனக்குறைவை ஒப்புக்கொண்டதாகாது என்று பிரிட்டன் 2006-இல் சட்டத்திலேயே எழுதிக்கொண்டது. இந்தியாவில் அப்படியொரு பொதுச் சட்டம் இல்லை. கட்டணச் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்பளித்துவிட்டது. கடிதத்தை எதிர்த்தரப்பு சாட்சியமாகக் காட்டலாம். ஆனால் கடிதம் எதை ஒப்புக்கொள்கிறது என்பதுதான் கேள்வி. காத்திருந்த நேரம் டோக்கன் பதிவேட்டிலேயே இருக்கிறது. அதை எழுதுவதால் மருத்துவமனை புதிதாக எதையும் இழப்பதில்லை. கவனக்குறைவு என்று நிறுவ, கடமை இருந்ததும், அதில் தவறியதும், அதனாலேயே கேடு விளைந்ததும் தெரிய வேண்டும். மூன்றாவது கடிதம் நடந்ததைச் சொல்லி அங்கேயே நிற்கிறது. இரண்டாவதோ, விசாரிக்காமலே தீர்ப்பு எழுதிக் கையில் கொடுக்கிறது. காப்பீட்டு நிறுவனத்தைக் கேட்காமல் பொறுப்பேற்கக் கூடாது என்ற நிபந்தனை மருத்துவர்களின் பாலிசிகளில் வழக்கமாக இருக்கும், அதுவும் மீறப்படும்.

அப்படியானால் முதலாவதே பத்திரமல்லவா என்று கேட்கலாம். அந்த "ஏற்பட்டிருப்பின்" கூலி இழந்தவரைச் சந்தேகிக்கிறது. விளக்கம் கேட்டு வந்தவர் அதைப் படித்துவிட்டு நாகப்பட்டினம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக நினைத்தால் வியப்பில்லை.

மூன்றாவது கடிதத்துக்கும் எல்லை உண்டு. காத்திருக்கும்போதே நெஞ்சுவலி முற்றியது, காய்ச்சல் வலிப்பானது என்று புகார் சொன்னால் அது காத்திருப்புப் புகார் அல்ல. அப்போது நோயாளியின் துன்பத்துக்கு நேரில் வருத்தம் தெரிவியுங்கள். பதிவேட்டில் ஓர் எழுத்தையும் திருத்தாமல் பத்திரப்படுத்துங்கள். காரணம் எதையும் எழுதுமுன் வக்கீலையும் காப்பீட்டு நிறுவனத்தையும் கேளுங்கள்.

"இனி தாமதம் அரை மணியைத் தாண்டினால் வரவேற்பறையில் அறிவிப்போம்" என்ற வரியைக் கடிதத்தில் சேர்ப்பதானால், முதலில் வரவேற்பறை ஊழியரிடம் அந்த வேலையை ஒப்படையுங்கள். முடியாதென்றால் அந்த வரியை அடித்துவிடுங்கள்.