மழை நாளில் மீன் காட்சியகம்

கேள்வி: மழை விடுமுறையில் 3, 6 வயதுப் பிள்ளைகளை ஈ.சி.ஆர். சுரங்க மீன் காட்சியகத்துக்கு அழைத்துப் போகிறோம். மீனுக்கு இரை போடுவதைத் தவறாமல் பார்க்க எப்படித் திட்டமிடலாம்?
– வாசகி, தாம்பரம்

பதில்: இரை போடும் நேரத்தைக் கிளம்பும் முன் போனிலும், டிக்கெட் வாங்கும்போது இன்னொரு தடவையும் கேளுங்கள். மழை நாளில் கூட்டமெல்லாம் கூரைக்கடியில்தான் சேரும். 12 மணிக்கு இரை என்றால் 10.30-க்கே உள்ளே இருங்கள். நனைந்த உடையோடு ஏ.சி.க்குள் நுழைந்தால் சின்னவள் நடுங்கிப்போவாள். வாசலிலேயே மாற்று உடை போட்டுவிடுங்கள். 11.15-க்கு இட்லியோ பிஸ்கட்டோ, அடுத்து கழிப்பறை. 11.40-க்கெல்லாம் கண்ணாடியோரம் தரையில் உட்கார வைத்துவிடுங்கள். அந்தக் காத்திருப்பும் வீண் போகாது. பழகிய மீன்கள் பல, இரை விழும் மூலையில் முன்கூட்டியே வந்து வட்டமடிக்கும். அதைப் பெரியவனிடம் காட்டுங்கள், அப்புறம் அவன் நகர மாட்டான். ஃபிளாஷ் மட்டும் வேண்டாம். மீன் மிரளும், கண்ணாடியில் படமும் வெளிறிவிடும்.

முடிந்ததும் எல்லோரும் சாப்பிட ஓடுவார்கள். நீங்கள் கால் மணி நேரம் அங்கேயே இருங்கள். சிந்திய துணுக்குகளைச் சிறு மீன்கள் பொறுக்குவதை நெருக்கடியில்லாமல் பார்க்கலாம். சின்னவள் கண்ணைக் கசக்கத் தொடங்கினால் அடுத்த காட்சிக்காகக் காத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள்.