புட் விற்றவர் தூங்கும் பதினேழரை மணி நேரம்

அமெரிக்க ஆப்ஷன் சந்தையைக் கவனிக்கும் ரிஸ்க் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்களா? இந்த நிலைமை சீக்கிரமே உங்கள் திரைக்கு வரும். ஒரு வாடிக்கையாளர் எஸ் அண்ட் பி 500 குறியீட்டைப் பின்தொடரும் SPY ஃபண்டின் மீது புட் ஆப்ஷன் விற்றிருக்கிறார். இன்னொருவர் ஒரு தனி நிறுவனப் பங்கின் மீது விற்றிருக்கிறார். இரண்டு ஸ்ட்ரைக் விலைகளும் சந்தை விலைக்கு 7 சதவீதம் கீழே இருக்கின்றன. காகிதத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். அப்படி நினைத்துவிடாதீர்கள்.

2022 பிப்ரவரி 2 அன்று மெட்டா பங்கு 323 டாலரில் முடிந்தது. அன்று சந்தை மூடிய பிறகு காலாண்டு முடிவுகள் வந்தன. மறுநாள் பங்கு 237.76 டாலரில் நின்றது. ஒரே நாளில் 26 சதவீத வீழ்ச்சி. அதே நாளில் எஸ் அண்ட் பி 500 இறங்கியது சுமார் 2.4 சதவீதம்தான்.

இப்போது கணக்கைப் போடுவோம். 300 டாலர் ஸ்ட்ரைக்கில் ஒரு புட்டை 5 டாலர் பிரீமியத்துக்கு ஒருவர் விற்றதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கான்ட்ராக்ட் 100 பங்குகள், ஆகவே கைக்கு வந்தது 500 டாலர். மறுநாள் முடிவு விலைப்படி அந்த புட்டின் உள்ளார்ந்த மதிப்பே 62.24 டாலர், அதாவது 6,224 டாலர். நிகர நஷ்டம் 5,724 டாலர், வாங்கிய பிரீமியத்தைப் போலப் பதினொரு மடங்குக்கும் மேல். SPY-யில் 7 சதவீதம் கீழே விற்றவரின் ஸ்ட்ரைக் பக்கம் விலை அன்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவருக்குக் கிடைத்திருக்கும் பிரீமியமும் மிகச் சிறியதுதான். தனிப் பங்கின் கொழுத்த பிரீமியம் இந்த இரவுக்கான கூலி.

'ஸ்டாப் லாஸ் போட்டிருந்தால்?' என்று வாடிக்கையாளர் கேட்பார். நியூயார்க்கில் மாலை 4 மணிக்கு மூடும் பங்கு ஆப்ஷன் வர்த்தகம் மறுநாள் காலை 9.30-க்குத்தான் திறக்கும். இடையில் பதினேழரை மணி நேரம். பங்கு அந்த நேரத்திலும் கைமாறும், ஆப்ஷன் மாறாது. திறக்கும்போது விலை ஏற்கெனவே பள்ளத்தில் இருக்கும். நடுவில் உள்ள விலைகளில் வெளியேற வழியே இல்லை. இதுதான் கேப் ரிஸ்க். இதற்கு உண்மையான தடுப்பு, விற்கும்போதே இன்னும் கீழே ஒரு புட்டை வாங்கி வைப்பது. மேலே சொன்ன கணக்கில் 285 ஸ்ட்ரைக் புட்டையும் வாங்கியிருந்தால், நஷ்டம் எவ்வளவு ஆனாலும் 1,500 டாலரைத் தாண்டாது; நிகரமாகக் கைக்கு வந்த பிரீமியத்தை அதிலும் கழித்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்தத் தடுப்பை நியாயமான விலைக்கு வாங்க முடியுமா என்பது லிக்விடிட்டியைப் பொறுத்தது. SPY-யில் அதிகம் புழங்கும் ஸ்ட்ரைக்குகளில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி பெரும்பாலும் ஓரிரு சென்ட்தான். மெட்டா போன்ற பெரிய பங்குகளிலும் சமாளிக்கலாம். நடுத்தர நிறுவனத்தின் ஆப்ஷனில் 1.80-க்கு வாங்க ஆள், 2.40-க்கு விற்க ஆள் என்று இருந்தால், வாங்கி உடனே விற்றாலே 60 டாலர் போச்சு. கொடுத்த விலையில் கால் பங்கு. இரண்டு கால்கள் கொண்ட ஆர்டரில் இந்தச் செலவு இரண்டு முறை வரும். அவசர நேரத்தில் இடைவெளி இன்னும் விரியும், அதனால் லிமிட் ஆர்டர் இல்லாமல் நுழையவே கூடாது.

'பத்துப் பங்குகளில் பிரித்து விற்றிருக்கிறேன், நானே ஒரு ஃபண்டு மாதிரிதான்' என்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். பத்தும் தொழில்நுட்பப் பங்குகளாக இருந்தால் ஒரே பந்தயம்தான், தீர்க்க வேண்டிய கேப்கள் மட்டும் பத்து. எஸ் அண்ட் பி 500-இல் அன்று மெட்டாவின் எடை சுமார் 2 சதவீதம். அதன் 26 சதவீத வீழ்ச்சி குறியீட்டில் அரை சதவீதப் புள்ளிதான் அரித்திருக்கும். ஒரே துறையை மட்டும் வைத்திருக்கும் ஃபண்டுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. எனவே ஃபண்டு என்ற பெயரைப் பார்க்காமல், முதல் ஐந்து பங்குகளின் எடையைப் பாருங்கள்.

குறியீட்டு ஃபண்டும் முழுக் கவசம் அல்ல. ஒரு நிறுவனத்தின் விபத்தைத்தான் அது உறிஞ்சும். எல்லாமே சேர்ந்து விழும் நாளில் உறிஞ்ச எதுவும் இருக்காது. 2020 மார்ச் 16 அன்று எஸ் அண்ட் பி 500 ஒரே நாளில் 12 சதவீதம் இறங்கியது. ஆகவே ஸ்ட்ரெஸ் அட்டவணையில் குறியீட்டு ஃபண்டுக்குக் குறைந்தது 12 சதவீதச் சரிவையும், எக்ஸ்பைரிக்குள் காலாண்டு முடிவு வரும் தனிப் பங்குக்கு 25 முதல் 30 சதவீதத்தையும் போடுங்கள். அந்த எண்ணில் கணக்கு தாங்காவிட்டால், முடிவு வெளியாகும் நாளுக்கு முன்பே, சந்தை திறந்திருக்கும்போது, கான்ட்ராக்ட் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லுங்கள்.