நெடுநேரம் படிப்போரும் கெண்டைக்கால் தசையும்

பங்குனி வெயிலில் பொதுத்தேர்வுக்குப் படிக்கும் ஓமந்தூர் மாணவி ஒருவர், காலை 6 மணி முதல் 9 மணி வரை நாற்காலியை விட்டு எழுவதில்லை எனக் கொள்வோம். காலுக்கு இறங்கிய இரத்தத்தை மேலேற்ற உதவுவது கெண்டைக்கால் தசையின் சுருக்கம். அத்தசை அசையாதிருந்தால் இரத்தம் காலில் தேங்கும். கால் கனக்கும், பாதம் வீங்கும். குனிந்தே படிப்பதால் பிடரியும் இறுகும்.

ஆகவே அவர் 7 மணிக்கும் 8 மணிக்கும் எழுந்து, முற்றத்தில் ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். பின்னர் சுவரைப் பிடித்தபடி குதிகால்களைப் பத்து முறை உயர்த்தித் தாழ்த்துவதும், கழுத்தை இருபுறமும் மெல்லச் சாய்த்துப் பதினைந்து வினாடி நிறுத்துவதும் நன்று. இறுதியில் ஒரு தம்ளர் நீர் பருகி அமரலாம்.

நீர் போதுமா என்பதைச் சிறுநீரே காட்டும். விடியற்காலையில் அது சற்று அடர்ந்திருப்பது இயல்பு; நண்பகலிலும் அடர்மஞ்சளாக இருந்தால் நீர் குறைவு என்று கொள்க. பிற்பகல் தலைவலிக்கு இக்குறைவும் காரணமாகலாம்.

இதய நோய், சிறுநீரக நோய் உள்ளோர் மருத்துவர் குறித்த நீரளவை மீறலாகாது. ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் தோன்றினால், நடந்தால் சரியாகும் என்றிராமல் உடனே மருத்துவமனைக்கு வருக.