“ஏன் எங்கட வங்கிக்கு வரப் பாக்கிறீங்க?” – நேர்முகப் பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்குச் சில குறிப்புகள்

அக்கரைப்பற்றில் ராத்தாவின் மகள் வட்டியில்லா முறையில் இயங்கும் வங்கியொன்றின் கிளைக்குப் பயிலுநராக விண்ணப்பித்திருந்தாள். நேர்முகப் பரீட்சைக்கு நாலு நாள் இருக்கும்போது, அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டேன்: “ஏன் மகள் அந்த வங்கி?”

“பேரான வங்கி சாச்சி. வட்டியில்லாதது. சம்பளமும் நல்லம்.”

மூன்றும் உண்மைதான். ஆனால் அன்றைக்கு வெளியே கதிரையில் காத்திருக்கப் போகிற அத்தனை பேரும் இதையேதான் சொல்வார்கள். அந்த நாலு நாளில் நாங்கள் செய்தவற்றை எழுதுகிறேன். வங்கிக்கு மட்டுமல்ல, வேறு வேலைக்குப் போகிறவர்களுக்கும் உதவும்.

1. பதிலை ஒரு தாளில் எழுதுங்கள். வங்கியின் பெயர் வரும் இடத்தில் பக்கத்து வங்கியின் பெயரைப் போட்டு வாசியுங்கள். அப்போதும் வசனம் பிசகாமல் நின்றால் அதை வெட்டிவிடுங்கள். “பேரான வங்கி”, “நல்ல சேவை”, “முன்னேற வாய்ப்பு” எல்லாம் இந்தச் சோதனையில் விழுந்துவிடும். எங்கள் தாளில் முதல்நாள் ஒரு வரிகூட மிஞ்சவில்லை.

2. நம்மூரில் “வட்டியில்லாதது” என்பதும் பெயர்ப்பலகை போலத்தான். இலங்கையில் முழுக்க வட்டியில்லா முறையில் இயங்கும் முதல் உரிமம் பெற்ற வணிக வங்கியான அமானா வங்கி 2011 ஆகஸ்ட்டில் தொடங்கியது. 2014இல் கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. அதே முறையில் தனிப்பிரிவு வைத்திருக்கும் நிறுவனங்களும் இருக்கின்றன: கொமர்ஷல் வங்கியில் அல்-அதாலா, எல்.ஓ.எல்.சி.யில் அல்-ஃபலாஹ். ஆகவே ஹலால் என்பதால் வருகிறேன் என்றால், அங்கே ஏன் போகவில்லை என்ற கேள்வி உடனே வரும். ஆண்டுகளை ஒப்புவிப்பதும் உதவாது. அவை வங்கியைப் பற்றிய செய்திகள். கேள்வி கேட்பவருக்கு அவை ஏற்கெனவே தெரியும், தெரிய வேண்டியது உங்களைப் பற்றி.

3. அந்த நிறுவனத்தின் வேலைகளில் ஒன்றையாவது நுனி முதல் அடி வரை விளங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் எடுத்தது முறாபஹா. ஒரு விவசாயிக்கு வயலுக்குத் தண்ணீர் பம்ப் வேண்டும். வங்கி காசைக் கையில் கொடுத்து மேலதிகமாகத் திருப்பிக் கேட்பதில்லை. பம்பைத் தானே வாங்கி, தன் உரிமையில் எடுத்து, பிறகு இலாபத்தை வெளிப்படையாகச் சொல்லி அவருக்கு விற்கிறது. ஒரு கணக்குக்குச் சொன்னால், பம்பின் விலை 1,20,000 ரூபாய், வங்கியின் இலாபம் 18,000. மொத்தம் 1,38,000. மாதம் 11,500 வீதம் 12 மாதத்தில் கட்டி முடிப்பார். அந்த விற்பனை விலை பிறகு கூடாது.

இதில் பிசகுவது வரிசை. முதலில் கடையின் கொட்டேஷன், பிறகு வங்கியின் அனுமதி, பிறகு வங்கியின் கொள்வனவு, கடைசியில்தான் வாடிக்கையாளருக்கான விற்பனை. அவர் அவசரத்தில் தன் காசைக் கட்டி பம்பை வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டால் வங்கி வாங்குவதற்கும் விற்பதற்கும் பொருளே இல்லை. அந்தப் பில்லுக்கு முறாபஹா செய்ய முடியாது. வாடிக்கையாளரையே முகவராக வைத்து வாங்கச் சொல்வதும் உண்டு. அப்போதும் முகவர் ஒப்பந்தத்துக்குப் பிந்திய திகதியில், வங்கிக்காக வாங்கியதாகவே பில் இருக்க வேண்டும். ஆக, கவுண்டரில் இருக்கும் பிள்ளை முதலில் கேட்க வேண்டியது, “சாமானை வாங்கிட்டீங்களா, இன்னும் இல்லையா?”

4. இதைச் சொன்னதும் மகள் உரித்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். “சாச்சி, இது எனக்குத் தெரியும். வாப்பாட கடையில நான்தானே கொட்டேஷன் எழுதுறன்.” மச்சானுடையது ஹாட்வெயார் கடை. இரண்டு வருசமாகப் பில் புத்தகம் அவள் கையில். வங்கிக்கென்று கொட்டேஷன் வாங்கிப்போன ஒருவர், மறுநாளே வந்து காசைக் கட்டிச் சாமானை ஏற்றிப்போனாராம். ஒரு கிழமை கழித்து வந்து, பில்லில் திகதியை மாற்றித் தரச் சொன்னாராம். அவள் மாட்டேன் என்றிருக்கிறாள்.

நாங்கள் தேடிய காரணம் அங்கேதான் இருந்தது. இப்படி அமைத்தோம்: “வாப்பாட கடையில வங்கிக்குக் கொட்டேஷன் எழுதுறது நான். சாமானை முதலே வாங்கிட்டு, பில் திகதியை மாத்தித் தரச் சொல்லி வந்த ஒராளப் பாத்திருக்கன். முறாபஹாவில வரிசை பிழைச்சா அந்த வியாபாரமே சரிவராது. இத வாடிக்கையாளருக்கு முதல் நாளே விளங்கச் சொல்ற ஆளா கவுண்டர்ல இருக்க விருப்பம். கடைப் பக்கம் இருந்து பாத்த வேலைய இனி வங்கிப் பக்கம் இருந்து செய்யணும்.”

உங்கள் பிள்ளைக்குக் கடை இல்லாவிட்டால், தையல் கணக்கு, பள்ளிவாசல் சந்தாப் புத்தகம், உம்மாவின் சீட்டுக் கணக்கு என்று ஏதாவது இருக்கும். பிள்ளை உண்மையாகச் செய்ததாக இருக்க வேண்டும். இல்லாததைச் சேர்த்தால் இரண்டாவது கேள்வியில் பிடிபடும்.

5. பட்டியலிட்ட நிறுவனமென்றால் `cse.lk` தளத்தில் பெயரைத் தேடி ஆண்டறிக்கையை இறக்குங்கள். முன்பக்கப் படங்களையும் தலைவரின் செய்தியையும் தாண்டி, கணக்குக் குறிப்புகளுக்குப் போங்கள். வங்கியாக இருந்தால், கொடுத்த நிதி எந்தெந்தத் துறைக்குப் போயிருக்கிறது என்று பிரித்த அட்டவணை இருக்கும். விவசாயத்துக்கான வரியைப் பாருங்கள். ஒரு எண் போதும். அதோடு ஒரு கேள்வி: “பெரும்போக அறுவடை முடிஞ்சு காசு வாற விவசாயிக்கு மாதத் தவணை கஷ்டம். இந்தக் கிளையில அதை எப்படிச் சமாளிக்கிறீங்க?” கடைசியில் நீங்கள் கேட்க ஏதும் உண்டா என்பார்களே, அப்போது இதைக் கேட்கலாம்.

6. “வீட்டுக்குப் பக்கம்” என்பது நம் பெண்பிள்ளைகளுக்கு உண்மையான காரணம். ஒளிக்கத் தேவையில்லை, ஆனால் முதலில் சொல்ல வேண்டாம். சொன்னால், “பொத்துவிலுக்கோ கல்முனைக்கோ மாற்றினால்?” என்று கேட்பார்கள். பதிலை உம்மா வாப்பாவோடு முன்கூட்டியே பேசி முடிவெடுங்கள். மகள் கல்முனை வரை பஸ்ஸில் போய்வர முடியும் என்று முடிவுசெய்துகொண்டுதான் போனாள்.

7. சம்பளம் முக்கியமில்லை என்று மட்டும் சொல்ல வேண்டாம். யாரும் நம்பமாட்டார்கள். கேட்டால் எதிர்பார்ப்பைச் சொல்லுங்கள், கேட்காவிட்டால் விடுங்கள்.

8. ஒத்திகைக்குப் பாடமாக்கின பதில் கூடாது. அடுப்பில் சோறு கொதிக்கும்போது, பாத்திரம் கழுவும்போது, எதிர்பாராத நேரத்தில் கேளுங்கள். ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும், மணிக்கூட்டைப் பாருங்கள். கொழும்பிலிருந்து வருபவர்கள் ஆங்கிலத்தில் கேட்கலாம், ஆகவே அதே கதையை ஆங்கிலத்திலும் சொல்லிப் பழக வேண்டும். பதில் முடிந்ததும் குறுக்கே ஒரு கேள்வி போடுங்கள். நான் போட்டது: “அந்த ஆள் உங்கட வாப்பாவோட கூட்டாளியா இருந்தா திகதிய மாத்திக் குடுத்திருப்பீங்களா?”

மகள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அவர் வாப்பாட கூட்டாளிதான் சாச்சி” என்றாள். அதையும் பதிலில் சேர்த்துக்கொண்டோம்.